முகூர்த்தப் புடவைக்குக் குஞ்சம்

அண்ணன் இறந்த மறுமாதமே அண்ணியை முசிறிக்கு அழைத்துப்போக அவருடைய அப்பா வந்தார். அண்ணி போகவில்லை. "தை வரைக்கும் பாக்கறேன்ப்பா. என் சாப்பாட்டுக்கு நான் சம்பாதிச்சா ஸ்ரீரங்கத்துலயே இருக்கேன். இல்லன்னா வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கோ, அண்ணனைத் தெரிந்தவர் என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

கையில் இருந்த முதல், அண்ணனுடைய பழைய பைக்கை விற்ற பணம். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் பேனல்களுக்கு வயரிங் வரைபடம் போடுகிறேன். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

வாங்கி விற்பது: ஈரோட்டில் நைட்டியும் புடவையும் எடுத்துவரலாம். ஆனால் முதல் முழுக்கத் துணியாகிவிடும். பக்கத்து வீடுகளில் தவணை கேட்பார்கள். ஆடித் தள்ளுபடி வந்தால் பெரிய கடைக்காரர்கள் நம் கொள்முதல் விலைக்கே விற்பார்கள்.

செய்து விற்பது: வாழைக்காய் சிப்ஸ். அண்ணிக்குக் கைவந்த வேலை. ஆனால் எண்ணெய், கேஸ், பாக்கெட், உணவுத் துறைப் பதிவு எல்லாவற்றுக்கும் முன்னாலேயே செலவு. கடைக்காரர் விற்ற பிறகுதான் காசு தருவார், நமுத்துப்போனதைத் திருப்பித் தருவார்.

மூன்றாவது, வேலை செய்து கூலி வாங்குவது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானையில் குஞ்சம் போடுவது. துணி வாடிக்கையாளருடையது. நமக்கு நூலும் ஊசியும் மணியும் போதும். எதுவும் தேங்காது. புடவையைத் திருப்பிக் கொடுக்கும்போதே காசு.

"மூணாவதுதான் அண்ணி. நஷ்டம்னு ஒண்ணு வரவே வராது."

"உன் கட்டத்துல அப்படித்தான் வருது" என்று சிரித்தார். "எனக்கு உட்கார்ந்த இடத்துல வேலை. சரி, ஆரம்பிக்கலாம்."

பைக் பணத்தில் பெரும்பகுதியைத் தொடாமலே ஆரம்பித்தோம். அண்ணி ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் தைப்பார். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் புடவையை இழுக்கும். தையல் வெளிப்பக்கம் தெரியாது. தெருவில் பேச்சு பரவியது. ஆபீஸ் போகிறவர்கள், டீச்சர்கள் என்று வந்தார்கள். ஆனால் ஃபால்ஸ் கூலி காய்கறிக்கும் பாலுக்கும்தான் ஆகும். நிஜமான வருமானம் கல்யாணப் பட்டுக்குப் போடும் குஞ்சத்தில். தை முகூர்த்தங்களை நம்பி இருந்தோம்.

கார்த்திகையில் ஒரு அம்மா பெண்ணின் கூறைப்புடவையோடு வந்தார். மாதிரிகளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"இந்த வருஷந்தான் தவறிட்டார்ங்க."

அந்த அம்மாவின் கை புடவைமேல் அப்படியே நின்றது. "ஐயோ பாவம், சின்ன வயசு" என்றார். நிஜமாகவே கண் கலங்கியது. பிறகு புடவையைப் பைக்குள் வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணுமில்ல, சம்பந்தி வீட்டுல பாப்பாங்க. அடுத்த வாரம் காட்டன் புடவை நாலு இருக்கு, கொண்டு வரேன்."

கொண்டும் வந்தார். அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டிருந்தது. சாதாரணப் புடவைகள் வந்துகொண்டே இருந்தன. பட்டு ஒன்றுகூட வரவில்லை.

புடவை வாங்கி விற்றிருந்தால் புடவையைப் பார்த்திருப்பார்கள். சிப்ஸ் விற்றிருந்தால் பாக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். இந்த வேலையில் ஆளைப் பார்க்கிறார்கள்.

நான்தான் வழி சொன்னேன். நம்மைத் தெரியாத தென்னூரில், என் தோழி வழியாக நான் பட்டு வாங்கி வருகிறேன், குஞ்சம் நான் போடுவதாகச் சொல்கிறேன். அண்ணி ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார். "வேலை வந்தா சரி" என்றார்.

அரக்குப் பட்டு ஒன்று வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, முத்து கோத்து, பின்னல் பின்னலாகப் போட்டார். அதற்கு முன் அவர் அப்படிப் போட்டதில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா, சொன்ன நாளுக்கு முன்பே விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். குஞ்சத்தைப் பார்த்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மகராசி கை. உனக்கும் சீக்கிரம் கல்யாணம் ஆகும் பாரு."

அண்ணி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த அம்மா போனதும் காசை அண்ணியிடம் நீட்டினேன். வாங்கி எண்ணாமல் அலமாரியில் வைத்தார். "நல்லா வந்திருந்துச்சுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பாவுக்கு போன் போடு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

"அண்ணி, காசுதான் வருதே."

"வருது. நான் எங்க இருக்கேன் அதுல?"

பைக் பணம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. அதை வைத்து முசிறியில் சிப்ஸ் போட அடுப்பு வாங்கப்போவதாகவும், வாழைக்காய் அங்கே மலிவு என்றும் சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக என் தலையைத் தடவினார். இருவரும் அழவில்லை. நான் வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

தை முதல் முகூர்த்தம் முடிந்ததும் தென்னூரிலிருந்து ஒரு போன். அரக்குப் பட்டைக் கல்யாணத்தில் பார்த்தார்களாம். "எங்க பொண்ணுக்கும் அதே மாதிரி வேணும். நீங்கதானே போட்டது?"

"இல்லைங்க. எங்க அண்ணி போட்டது. ஊருக்குப் போயிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"