செபமாலை வேண்டாமென்ற முற்பணம்

ஹட்டனில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, தவணைக்கு வாங்கிய கணினியில் டெல்சி இணையத்தளங்கள் செய்து கொடுத்தாள். கினிகத்தேனையில் ஒரு விடுதிக்காரர் வேலையை வாங்கிக்கொண்டு, காசு தராமல், அதன் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை. இரண்டு தவணை நின்றுபோயிற்று. இன்னுமொன்று நின்றால் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அதனால் நுவரெலியாவில் புதிதாகத் திறக்கவிருந்த ஹோட்டலின் முகாமையாளர் நடராசா தளம் வேண்டுமென்று கேட்டபோது, அவள் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்.

'மொத்தத் தொகையில் நாற்பது வீதம் முற்பணமாகக் கிடைத்ததும் வேலையைத் தொடங்குவேன். பக்கங்களின் வடிவமைப்பை நீங்கள் ஒப்புக்கொண்டதும் முப்பது வீதம். தளத்தை இணையத்தில் ஏற்றுமுன் மிகுதி முப்பது. சம்மதமென்றால் பதில் எழுதுங்கள். அவசரமென்றால் வீட்டு எண்ணுக்கு எடுங்கள்.'

அந்தத் தொலைபேசி நோர்வூட் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் இருந்தது. நடராசா எடுத்தபோது அங்கே இருந்தவர் அப்பா செபமாலை. அடைமழை, தேயிலை மலையில் வேலையில்லை.

"மகள் அட்வான்ஸ் கேட்டு எழுதியிருக்கிறா. அதைப் பற்றிக் கதைக்கத்தான் எடுத்தனான்."

செபமாலைக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"புள்ள தெரியாம கேட்டிருச்சுங்கய்யா. அட்வான்ஸெல்லாம் வேணாங்க. வேலைய முடிச்சுக் குடுக்கும், அப்புறமா மொத்தமா குடுங்க."

"வேண்டாமோ? வடிவாக் கேட்டுத்தான் சொல்லுறியளோ?"

"எங்கப்பன் காலத்துக் கடனே போதுங்கய்யா."

மாலையில் டெல்சி வந்ததும் அவரே முந்திக்கொண்டு சொன்னார். பெரிய காரியம் முடித்தவரைப் போல முகத்தில் ஒரு தெளிச்சி.

அவள் நனைந்த குடையைப் பிடித்தபடியே நின்றாள். "என்னப்பா செஞ்சீங்க?"

"கடன்லேருந்து ஒன்னைய காப்பாத்திவிட்டேன். டீத்தண்ணி போடவா?"

"அது கடன் இல்லப்பா. நான் செய்யப்போற வேலையோட காசு. அவங்க ஏமாத்தாம இருக்கத்தான் முன்னாடியே கேக்குறது."

"முன்னாடி வாங்குனா கடன்தான். நத்தாருக்குத் தோட்டத்துல வாங்குன அட்வான்ஸ மாசாமாசம் சம்பளத்துல புடிக்கலியா? எங்கப்பன் வாங்குனத அவரு செத்ததுக்கப்புறமும் எங்கிட்ட புடிச்சானுங்க. சம்பளத் துண்டுல என்ன மிஞ்சுச்சுனு ஒங்கம்மாகிட்ட கேட்டுப்பாரு."

அம்மா இறந்து ஆறு வருடமாகியிருந்தது. கோபம் வந்தால் அவர் இப்படித்தான் பேசுவார். டெல்சி குடையை மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளே நடராசாவை அழைத்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, முற்காசு வேண்டாமாம் எண்டு கொழும்பிலை முதலாளியிட்டைச் சொல்லிப்போட்டன். அதுக்காகத்தான் வேலையை உங்களுக்குத் தரச் சொன்னவர். இனி மாத்திக் கதைச்சால் என்ர பேர் கெட்டுப்போகும். பகுதி பகுதியாவும் ஏலாது. முடிச்சுத் தாங்கோ, முழுக்காசும் தாறம்."

வேறு வேலை எதுவும் கையில் இல்லை. ஒப்புக்கொண்டாள்.

வேலை நீண்டது. முதல் வடிவத்தை அனுப்பினாள். நிறம் பிடிக்கவில்லை என்றார்கள். மாற்றினாள், அவர்களே கொடுத்திருந்த அறைகளின் படங்களை மாற்றச் சொன்னார்கள். ஒப்புதலுக்குக் காசு என்று இருந்திருந்தால் இரண்டாம் தடவையே தலையாட்டியிருப்பார்கள். எதற்கும் காசில்லாதபோது எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றச் சொல்லலாம். பாதி வேலை முடிந்திருந்தபோது கடைக்காரர் இரண்டு பேரை அனுப்பிக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். வேலை முழுவதும் அதற்குள்ளேதான் இருந்தது. முடித்தால்தான் காசு என்று ஒப்புக்கொண்டிருந்ததால், பாதி வேலைக்குக் காசு கேட்கவும் வழியில்லை.

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. செபமாலைக்கு அப்போதே நெஞ்சு வலி தொடங்கியிருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டார்.

"ஓட்டல்காரரு காசு குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாருப்பா."

"மொத்தமாவா?"

"மொத்தமா."

"பாத்தியா." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "ஒரு சதம் புடிக்க ஆளில்ல."

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் லயத்துத் தொலைபேசி ஒலித்தது.

"ஐயா நிக்கிறாரோ? நான் நடராசா. மகளின்ர போன் வேலை செய்யேல்லை. ஐயாதானே அண்டைக்குச் சொன்னவர், முடிச்சுத் தருவம் எண்டு."

"அப்பா செத்துட்டாருங்க. செவ்வாக்கிழமை."

"ஐயோ தங்கச்சி. நல்ல மனுசன். ஒருக்கால்தான் கதைச்சனான்" என்றார். அவர் உண்மையாகவே வருந்தினார் என்பது குரலில் தெரிந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "இந்த நேரத்திலை கேக்கக் கூடாது… அந்தப் படங்களையாவது திருப்பித் தரேலுமோ? எங்களிட்டை வேறை பிரதி இல்லை" என்றார்.

கணினி கடையில் இருந்தது. அல்லது அழித்துத் துடைத்து வேறு யாருக்கோ விற்கப்பட்டிருந்தது.

"பார்த்துச் சொல்றேங்க" என்றாள் டெல்சி. பார்க்க ஒன்றுமில்லை. அவர் வைத்த பிறகும் அவள் தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.