மடிப்புக்குள் மறைத்த கிழிசல்

வீடுகளில் பழைய பட்டுப்புடவைகளை வாங்கி இணையத்தில் விற்பது என் தொழில். ஒருமுறை பிள்ளையார்பாளையத்தில் மாம்பழ நிறப் புடவை ஒன்று ஆயிரத்து இருநூறுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான், நெடுநாள் மடித்தே வைத்ததால் மடிப்பில் பட்டு நைந்துபோய் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது தெரிந்தது. கிழிசலைச் சொன்னால் வாங்கிய விலைகூட வராது. அந்த மடிப்பை உள்ளே தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை மட்டும் படமெடுத்தேன். ‘நல்ல நிலை’ என்று எழுதி, இரண்டாயிரத்து நானூறு விலை வைத்தேன். மறுநாளே திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா பணம் அனுப்பினார். அன்றே கூரியரில் போட்டேன்.

புடவை போய்ச் சேர்ந்ததும் அவர் அழைத்தார். குரலில் கோபமே இல்லை.

“ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கும்மா. கவரைப் பிரிக்கையில பிளேடு பட்டிருக்குமோ?”

“அப்படித்தாம்மா இருக்கும். நான் நல்லாப் பாத்துத்தான் மடிச்சு வச்சேன்” என்றேன்.

மூன்றாம் நாள் நானே அழைத்து உண்மையைச் சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்மா. பிளேடு பட்டா நூல் இப்படி நைஞ்சு போகாது. நீயா சொல்லுவியான்னு பார்த்தேன்” என்றார் அவர்.

பாதிப் பணம் போதும் என்று சொல்லிப் புடவையை வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் குறையைத்தான் முதல் படமாகப் போடுகிறேன். ஆனாலும் திருநெல்வேலி முகவரியோடு ஒரு பார்சல் போனால், அதை ஒட்டும்போது முகம் சுடுகிறது.