சந்தேகம் என்று எழுதிவிட்டேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் என் காதுக்கும் வந்திருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். மேலகரத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். என் மனைவி மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். செங்கோட்டைக்காரி. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் கடைசி ஆறு வருடம் அவள் அங்கே, நான் தென்காசியில். வருடத்துக்கு ஒரு மாத லீவில் வருவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவளோடு வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ் ஒருத்தியின் பிள்ளைகள் அங்குள்ள ஓர் இந்தியப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியர் வேண்டும் என்று கேள்விப்பட்டு என்னை விண்ணப்பிக்கச் சொன்னவள் என் மனைவிதான். கிடைத்தால் ஒரே வீட்டில் இருக்கலாம். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

விண்ணப்பத்தில் பெயர் தேறியது. அடுத்து வீடியோவில் பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு. முந்தின நாள் அவள் டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும், வீடியோ காலில் அவளையே மாணவியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். ஒளிவிலகல். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு பென்சில். பென்சில் ஏன் ஒடிந்தாற்போலத் தெரிகிறது என்பதை மூச்சுவிடாமல் நடத்தி முடித்தேன்.

"நல்லாத்தான் நடத்துதீங்க," என்றாள். "நடுவுல ஒரு கேள்வி கேளுங்களேன். நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், எனக்குப் புரியுதா இல்லையான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருசமா சாக்பீஸ் பிடிச்ச கை இது. ஊசி எப்படிப் போடணும்னு ஒனக்கு நான் சொல்லித்தாரேனா?"

தூக்கம் வருகிறது என்று போனை வைத்துவிட்டாள். தூக்கம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. சீசன் நேரம். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்களைக் குளிக்கவிட்டுவிட்டு, குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடை வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை வேறொருவரைத் தேர்வு செய்துள்ளோம் என்று மின்னஞ்சல் சொன்னது. சுற்றிலும் ஈரத்துண்டும் தேங்காயெண்ணெய் வாசமுமாக ஒரே கும்மாளம். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அழுகை ஐந்து நிமிடத்தில் கோபமாகிவிட்டது. அங்கேயே நின்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்தேன். பதினெட்டு வருட அனுபவம், என்னிடம் படித்து இன்ஜினீயரான பிள்ளைகள், நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள். கடைசியில், நான் எங்கே தவறினேன் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, 'உங்கள் முடிவில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது' என்று முடித்து அனுப்பினேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. தேர்வுக் குழுவின் முடிவு இறுதியானது. அதன் நேர்மையில் சந்தேகம் இருந்தால் நிர்வாகத்துக்கு முறைப்படி புகார் அளிக்கலாம். புகாரா? நான் எங்கே புகார் சொன்னேன்? போனை ஸ்டாஃப் ரூம் மேசையில் வீசாத குறையாக வைத்தேன்.

எங்கள் ஆங்கில டீச்சர் அதை எடுத்து வாசித்துவிட்டுச் சிரித்தார். எனக்கு இரண்டு வயது இளையவர், வாய்த்துடுக்குக்காரர்.

"சார், நம்ம வகுப்புல டவுட்னா கேள்வி. அவங்களுக்கு டவுட்னா சந்தேகமேதான். அவங்க மேல நம்பிக்கை இல்லன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கீங்க."

"நான் அந்த அர்த்தத்துல எழுதல டீச்சர்."

"அர்த்தம் ஒங்க மண்டைக்குள்ள இருக்கு. அவங்ககிட்ட இருக்கது எழுத்துதான். சரி, பேப்பர் குடுக்கிற அன்னைக்கு ரெண்டு விதமாப் பிள்ளைங்க வரும்லா? ஒண்ணு, எனக்கு ஏன் மார்க் கொறச்சீங்கன்னு வரும். இன்னொண்ணு, நான் எங்க விட்டேன்னு வரும். நீங்க யாருக்கு உக்காந்து சொல்லிக் குடுப்பீங்க?"

பதில் சொல்லத் தேவையில்லை. முதல் ரகப் பிள்ளையின் பேப்பரை நான் கையால்கூடத் தொடமாட்டேன்.

இடைவேளையில் அவரே உட்கார்ந்து எழுதவைத்தார். முந்தைய மின்னஞ்சலின் தொனிக்கு மன்னிக்கவும், ஒரே வரி, விளக்கம் வேண்டாம். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. முடிவை ஏற்றுக்கொள்கிறேன், மறுபரிசீலனை கேட்கவில்லை. அடுத்த முறை நான் சரிசெய்துகொள்ள, என் மாதிரி வகுப்பில் ஒன்றிரண்டு குறைகளை மட்டும் சொல்ல முடியுமா? நேரம் இல்லையென்றாலும் புரிந்துகொள்வேன். அவ்வளவுதான். "என் அனுபவத்தைப் பத்தி ஒரு வரியாவது..." என்று இழுத்தேன். "அதச் சொன்னா வாதம் சார். பதில் வந்தாலும் ஒரு நன்றி போதும். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது," என்றார்.

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் அந்தப் பள்ளியின் முதல்வரே எழுதியிருந்தார். பாட அறிவும் தெளிவும் நன்றாக இருந்தன. ஆனால் பதினைந்து நிமிடத்தில் நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எதிரே இருப்பவருக்குப் புரிகிறதா என்று பார்க்கவில்லை. விண்ணப்பத்திலும் மாணவர் வாங்கிய மதிப்பெண் இருக்கிறது, அவர்களுக்காக நீங்கள் கற்பிக்கும் முறையில் எதை மாற்றினீர்கள் என்பது இல்லை. அடுத்த காலியிடத்துக்கு அவசியம் விண்ணப்பியுங்கள்.

வேலையே கிடைத்தாற்போல இருந்தது. நன்றி என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மனைவியைக் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார் என்றெல்லாம் அந்த முதல்வரைப் புகழ்ந்தேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். இதத்தானே நானும் சொன்னேன்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன்.

"அவங்க சொன்னா நன்றி. நான் சொன்னா ஊசி," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். "அடுத்த தடவ அப்ளிகேசன் போடாதீங்க. போட வச்சதும் நான்தான். சேந்து இருந்தா சரியாயிரும்னு நெனச்சேன். இப்ப அந்த நெனப்பு இல்ல. நான் இங்க தனியாவே இருந்துக்கிடுதேன். இந்த லீவுக்கு நம்ம வீட்டுக்கு வரல, செங்கோட்டையில அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன்."

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் முதல் ரகப் பிள்ளை செய்கிற வேலைதான். வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அனுப்பினேன். குடித்தேனா, அடித்தேனா, வேறு பெண்ணைப் பார்த்தேனா? இந்த ஒரு வார்த்தைக்கா? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் மூட்டை மூட்டையாகக் கொட்டினேன். எல்லாவற்றையும் அவள் படித்தாள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அவள் அண்ணனிடம் போய் நின்றேன். "மாப்ள, நீங்க பேசப் பேச அவ தூரமாப் போறா. கொஞ்ச நாள் சும்மா இருங்க," என்றார்.

சும்மா இருந்தேன். மூன்று மாதம். அவள் லீவில் வந்து, செங்கோட்டையிலிருந்தே திரும்பிப் போய்விட்டாள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அவள் மஸ்கட் திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் குற்றாலம் போனேன். சீசன் முடிந்து அருவி நூலாகிவிட்டிருந்தது, கூட்டம் இல்லை. முன்பு நின்ற அதே சிப்ஸ் கடைக்கு எதிரே உட்கார்ந்து, ஆங்கில டீச்சர் எழுதவைத்த அந்த மின்னஞ்சலை எடுத்து மறுபடி படித்தேன். பிறகு அதே வரிசையில் அவளுக்கு எழுதினேன்.

'நான் அனுப்பியதுக்கெல்லாம் மன்னிச்சிரு. பதினோரு வருசம் என்கூட இருந்ததுக்கு நன்றி. உன் முடிவை மாத்தச் சொல்லிக் கேக்கல. நான் எங்க விட்டேன்னு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுவியா? சொல்ல இஷ்டம் இல்லன்னாலும் பரவாயில்ல.'

கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

'ரெண்டாவது வருசம் பிள்ளை கலைஞ்சப்போ, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்க. அம்மாகிட்ட என்ன சொல்லணும்னு கேட்டீங்க. ஒனக்கு எப்படி இருக்குன்னு கேக்கல. அன்னைக்கும் கேக்கல, அதுக்குப் பொறவும் கேக்கல.'

அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுதது அவளுக்குத் தெரியாது. மருந்துச் சீட்டோடு தென்காசி முழுக்க அலைந்தது தெரியாது. கேட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயந்துதான் கேட்கவில்லை. அத்தனையையும் அடித்தேன். அடித்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். எல்லாம் வாதம்தான். முழுவதையும் அழித்துவிட்டு, 'நன்றி' என்று மட்டும் அனுப்பினேன். உடனே படித்துவிட்டாள். இரண்டு டிக்கும் நீலமாயின.

முதன்முறையாக ஒன்றைச் சரியாகச் செய்துவிட்ட நினைப்பில் பஸ் ஏறினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? பஸ் மேலகரம் தாண்டும்போதுதான் உறைத்தது. விட்டுப்போன கேள்வி இன்னதென்று அவள் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறாள். நான் அதற்கு நன்றி போட்டேன். அப்போதும் கேட்கவில்லை.

பஸ்ஸில் நின்றபடியே, கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அடித்தேன். 'ஒனக்கு எப்படி இருக்கு?'

ஒரு டிக் விழுந்தது. அவள் படம் இருந்த இடம் வெறும் வட்டமாகிவிட்டிருந்தது, என்னை பிளாக் செய்திருந்தாள். போன மாதம் அந்தப் பள்ளியில் காலியிடம் என்று மறுபடி விளம்பரம் வந்தது, நான் விண்ணப்பிக்கவில்லை. இப்போது வகுப்பில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, புரியுதா என்று கேட்கிறேன். நான் அவளிடம் கேட்டதற்கு இன்னும் ஒரு டிக்தான்.