வேற்று நாட்டு வட்டி விகிதம்

நாற்பத்தொன்பது வயதில், நான் எந்த நாட்டில் குடியிருக்கிறேன் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது. கண்டுபிடித்துச் சொன்னது ஒரு வங்கியின் நேர்முகத் தேர்வு. தேர்வுக்குப் போனது நானாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போனவள் தங்கச்சி மகள்.

தங்கச்சி மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். கணவர் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் அலோர் காஜாவில் டயாலிசிஸ். மகள் டிப்ளோமா முடித்துவிட்டு அதே டவுனில் மினிமார்க்கெட் கேஷியராக நின்றாள். அந்தச் சம்பளத்தில் காலம் தள்ள முடியாமல், சிங்கப்பூர் ஃபேக்டரி வேலைக்கு மனு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வங்கி தன் அலோர் காஜா கிளைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னது. கிடைத்தால் அம்மாவோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்.

வங்கிப் பொது அறிவு, பணக் கொள்கை எல்லாம் கேட்பார்களாம். "மாமா இருக்கேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் படிப்பாளி. தமிழில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். ஆகவே தமிழ்நாட்டில் வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கான தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கினேன். அதிலிருந்து சின்னச் சின்னச் சொல்லட்டைகள் செய்தேன். வட்டிச் சொற்கள் மஞ்சள் அட்டையில், வங்கிகள் ஒதுக்கி வைக்க வேண்டிய இருப்பு பற்றியவை நீலத்தில், வைப்புப் பணத்தின் பாதுகாப்பு பச்சையில். கேஷியர் ஏப்ரன் பையில் அடங்கும் அளவு. ரெப்போ விகிதம் என்றால் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு குறுகிய காலத்துக்குக் கடன் தரும் வட்டி. ரொக்க இருப்பு விகிதம், சட்டப்பூர்வ நீர்மை விகிதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகைச்சுவை உதாரணம் வேறு. எல்லாம் சரியான விளக்கங்கள். இந்தியாவுக்கு.

சனிக்கிழமைகளில் இருவரையும் காரில் அலோர் காஜாவுக்குக் கூட்டிப்போவேன். செய்தி நேரம் வந்தால் படிப்புக்கு இடைஞ்சல் என்று ரேடியோவை அணைத்துவிட்டு மஞ்சள் அட்டையில் கேள்வி கேட்பேன். பின்சீட்டில் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பிள்ளை தப்பில்லாமல் ஒப்பிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். என் அட்டைகளால்தான் என்று நினைத்து இரண்டு நாள் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நேர்முகத் தேர்வு மலாக்கா டவுனில். வெளியே காரில் காத்திருந்தேன். வந்து உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போட்டாள். பிறகு சொன்னாள். வட்டியை ஏற்றி இறக்க நம் மத்திய வங்கி எந்த விகிதத்தை அறிவிக்கிறது என்று முதல் கேள்வி. வாயில் முதலில் வந்தது ரெப்போ. கேள்வி கேட்ட பெண் அதிகாரி, எந்த நாட்டு மத்திய வங்கியைச் சொல்கிறாய் என்று மரியாதையாகக் கேட்டாராம். அதற்குப் பிறகு கேட்டதில் தெரிந்ததும் வரவில்லை.

"இங்க அது ஓ.பி.ஆர், மாமா. ஒரு நாள் ராத்திரிக்கு வங்கிங்க ஒண்ணுக்கொண்ணு கடன் குடுக்குற வட்டி அத ஒட்டித்தான் போகும். இருப்பு இங்கயும் உண்டு, பேரு வேற. அந்த நீர்மை விகிதம் இங்க கேக்கறதே இல்ல."

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும். எழுத்துத் தேர்வுக்கு அதத்தான் படிச்சேன்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்க கலர் கலரா வெட்டி ஒட்டிட்டு வந்தீங்க லா. எப்படிச் சொல்றது."

எனக்காக ஒன்று, வேலைக்காக ஒன்று என்று அந்தப் பிள்ளை இரண்டு நாட்டையும் சேர்த்துப் படித்திருக்கிறாள். அவசரத்துக்கு வாயில் வந்தது எனக்காகப் படித்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். பக்க அடையாளத்துக்கு நான் செருகி வைத்திருந்தது என் வீட்டுக் கடன் வங்கிக் கடிதம். ஓ.பி.ஆர் மாறியதால் உங்கள் மாதத் தவணையும் மாறுகிறது என்று எனக்கே, என் பெயருக்கே எழுதியிருந்தார்கள்.

வேலை கிடைக்கவில்லை. பிள்ளை சிங்கப்பூர் போய்விட்டாள். பஸ் ஸ்டேஷனில் அம்மாவின் மருந்து நேரங்களை என்னிடம் இரண்டு தடவை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு தடவையும் ஒன்றை விட்டுவிட்டேன். திருத்தினாள். தப்புச் சொன்ன உடனே என்னை அவள் திருத்தியது அதுதான் முதல் தடவை.

இப்போதும் சனிக்கிழமைகளில் தங்கச்சியைக் கூட்டிப்போகிறேன். முன்சீட்டு காலி. அவள் பின்சீட்டை விட்டு வருவதில்லை. போன வாரம் பேச ஒன்றுமில்லாததால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மத்திய வங்கி ஓ.பி.ஆரை மாற்றாமல் வைத்திருக்கிறது, அது இன்னது, அதனால் வீட்டுக் கடன்காரர்களுக்கு இன்னது என்று செய்தியில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். விளக்கி முடிக்கும்வரை தங்கச்சி கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்: "இந்த ரேடியோவ அணைக்காம இருந்திருக்கலாம்ண்ணே."