ஆறு கோடியே ஐந்து லட்சம்

செம்பூரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை எனக்கு. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் எண்ணியதை ரிஜிஸ்டரில் தன் கையால், லட்சத்துக்கும் கோடிக்கும் கமா போட்டு எழுதுவார். புதிதாக வந்த கம்ப்யூட்டர் கமாவை ஏற்காது. வெறும் இலக்கங்களாக அடிக்க வேண்டும்.

ஒரு நாள் காலை தாராவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கூட வந்த கணவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அக்கா, இவியளோட ரிப்போர்ட் இன்னொரு காப்பி வேணும். முந்தினதக் கிழிச்சுப் போட்டுட்டாவ. வேற டாக்டர்ட்ட காட்டலாம்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன்."

பதினைந்து நாளுக்கு முன் நான் அடித்த விந்தணுப் பரிசோதனை. திரையில் 6500000 என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பில் 'குறைவு'. ஒன்றரைக் கோடிக்குக் கீழே போனால் அந்தச் சிவப்பு தானாக வந்துவிடும். அச்சடிக்கும் முன் எதற்கோ ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

6,05,00,000.

ஆறு கோடியே ஐந்து லட்சம். வெறும் இலக்கமாக 60500000, மொத்தம் எட்டு. நான் அடித்திருந்தது ஏழு. கமாவை விடும்போது, அதற்கடுத்த சைபரையும் சேர்த்து விட்டிருக்கிறேன். ஆறு கோடிக்கு மேல் இருந்தது வெறும் அறுபத்தைந்து லட்சமாகிவிட்டது.

டாக்டரம்மாவிடம் ரிஜிஸ்டரை நீட்டினேன். படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் கணவரை உள்ளே அழைத்து வந்தார்.

"தப்பு எங்களோடது. உங்களுக்கு எந்தக் குறையும் இல்ல."

கணவர் என்னைப் பார்த்தார். "எழுதிக் காட்டுங்க."

இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். விரல் வைத்து எண்ணினார். "ஒரே ஒரு சைபரா?" என்றார். பிறகு மனைவி பக்கம் கை காட்டினார். "வேற கல்யாணம் பண்ணிக்கோன்னு இவட்ட சொல்லிட்டேனே."

அந்தப் பெண் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அவர்கள் போனதும் டாக்டரம்மா சொன்னார்: "இனிமே வலதுபக்கத்துல இருந்து எண்ணு. மூணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ரெண்டு. கோடிக்கான கமாவுக்குப் பின்னாடி ஏழு இலக்கம் இருந்தே ஆகணும். லட்சத்துக்கு அஞ்சு. குறைஞ்சா அச்சடிக்காத."

அன்று முழுக்க, கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அடித்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டோம். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. மாலையில் இன்னொன்று அகப்பட்டது. 7,02,00,000 என்பதை 7200000 என்று அடித்திருந்தேன். நாற்பது நாள் பழையது.

கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அது உபயோகத்தில் இல்லை என்றது இந்திக் குரல். முகவரி என்ற இடத்தில் 'மாட்டுங்கா' என்று மட்டும் இருந்தது. அதை அப்படி அரைகுறையாக அடித்ததும் நான்தான்.