அன்னையவள் என்ற சீர்

கழக்கூட்டத்தில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. மலையாளம் பேசும் இந்த ஊரில் எங்கள் தமிழ் அமைப்பின் ஆண்டு மலருக்கு வரும் வெண்பாக்களைப் பார்த்துத் தருவதும் சில வருடங்களாக என் பொறுப்பு. அசை பிரித்துத் தளை பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். தளை தட்டினால் அந்தச் சீர் சிவப்பாகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன மலருக்குச் சாலைக் கடைவீதியில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்பவர் ஒரு வெண்பா அனுப்பினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்குக் கல் சுமந்த அவருடைய அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்று கீழே எழுதியிருந்தார்.

கல்சுமந்த கைகளால் கஞ்சி யெனக்கூட்டிச்
சொல்லொன்றும் இன்றித் துயரொளித்தாள் – இல்லாத
அன்னையவள் கூப்பிட்ட அச்சொல்லே எப்போதும்
என்னை எழுப்பும் இனி.

கல், சொல், இல் என்று முதல் எதுகை. அன்னை, என்னை என்று அடுத்த எதுகை. ‘இனி’ என்று நிரையசையில், மலர் வாய்பாட்டில் முடிந்திருந்தது. எல்லாம் பச்சையாக வர, ‘அன்னையவள்’ மட்டும் சிவப்பானது. அன்-னை-யவள். நேர், நேர், நிரை. அது தேமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வரக்கூடாது.

அந்த முடிவை அப்படியே வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பினேன். வாசித்துப் பார்த்தால் ஓசை தட்டவில்லையே என்று அவர் தயக்கத்தோடு கேட்டார். காதை நம்பக்கூடாது, கணக்கைத்தான் நம்ப வேண்டும் என்று பதில் எழுதினேன். கவிதை எழுதுகிற ஒருவரிடம் அப்படிச் சொன்னேன்.

இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார். ‘இல்லாத அன்னையவள்’ போய், ‘இல்லத்தில் அன்றவள்தான்’ என்று வந்திருந்தது. அன்-றவள்-தான். நேர், நிரை, நேர். கூவிளங்காய். காய்க்குப் பின் ‘கூப்’ என்று நேர் வருவதால் தளையும் சரி. எதுகையையும் காப்பாற்றியிருந்தார். இப்போது சரி என்று எழுதினேன். மலரிலும் அப்படியே அச்சானது.

மூன்று மாதம் கழித்து நிரலைச் சோதிக்க ஒரு பழைய வெண்பாவைக் கொடுத்தேன். காலங்காலமாக எல்லோரும் படிக்கிற பாட்டு அது. அதிலும் ஒரு சீர் சிவப்பானது. இலக்கண நூலை எடுத்தேன். கல்லூரிக் காலத்தில் படித்து மறந்தது அங்கே இருந்தது. சொல்லின் முதலில் வரும் ஐகாரம்தான் நெடில். நடுவிலும் கடைசியிலும் அது குறுகிக் குறிலைப் போல நின்று, அடுத்த எழுத்தோடு சேர்ந்து நிரையாகும். என் நிரல் எல்லா ஐகாரத்தையும் நெடிலாகவே எண்ணியிருந்தது.

அன்-னைய-வள். நேர், நிரை, நேர். அதுவும் கூவிளங்காய்தான். அவர் முதலில் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். போனில் சொல்லிவிடலாம் என்றும் பார்த்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் சாலைக் கடைவீதிக்கே போனேன். கம்பிச் சுருள்களுக்கு நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கை துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்பம் நான் எழுதினது சரிதானா, சாரே?”

சரிதான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு சற்று யோசித்து போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் கல்லறை. ஆண்டு நினைவுக்கு வைத்த கறுப்புக் கல்லில் நான்கு அடிகளும் வெட்டப்பட்டிருந்தன. மூன்றாம் அடி ‘அன்றவள்தான்’ என்று தொடங்கியது. அவளுடைய கல்லிலிருந்து அன்னை என்ற சொல்லை எடுக்க வைத்தவன் நான்.

கல்லை மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

“அது கெடக்கட்டும். தங்கச்சிமாரு அதத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. நீங்க சரின்னு சொன்னதுகொண்டு வெட்டினதுதானே.”

குற்றம் சொல்லும் குரல் அதில் இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தை நீட்டி, அசை பிரித்து எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நான்காம் அடியின் ‘என்னை’யில் உள்ள ‘னை’யும் குறுகுமா என்று கேட்டார். குறுகும், ஆனால் தனியே நிற்பதால் குறிலானாலும் அது நேர்தான், தேமா மாறாது என்றேன். தலையாட்டிவிட்டுத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து மலையாளத்தில் ஆணி கேட்டார். அவர் எடுத்துக் கொடுக்கப் போனார்.

நிரலை அன்றே திருத்தினேன். அடுத்த மலரில் முதல் வடிவத்தை, தவறு என்னுடையது என்ற குறிப்போடு போடச் சொல்லியிருக்கிறேன். கல்லறைக்குப் போய்ப் பார்க்க இன்னும் துணிவு வரவில்லை.