கட்டைவிரல் சொன்ன குறை

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் குறிப்பக்கா. அவர்கள் செய்வது கிளினிக்குகளுக்கான முன்பதிவு மென்பொருள். ஒவ்வொரு வெளியீட்டிலும் என்ன புதிதாக வந்திருக்கிறது, எது இன்னும் ஒழுங்காக வேலை செய்யாது, எதைச் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்களுக்குப் போகும் குறிப்பை எழுதுவது அவள்தான். பதினோரு வருடமாக எழுதுகிறாள். அதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால், மாப்பிள்ளை யாரென்று பார்ப்பதற்கு முன் முற்றுப்புள்ளியைத்தான் தேடுவாள்.

குறிப்புக்கு மூலப்பொருள், செயல்விளக்கக் கூட்டத்தின் வீடியோ பதிவு. மென்பொருளுக்குப் பொறுப்பான மேலாளர் வாடிக்கையாளர்களை ஆன்லைனில் கூட்டிவைத்து, புதிய வசதிகளை இயக்கிக் காட்டுவார். கையில் மைக்கைக் கொடுத்தால் கீழே வைக்க மாட்டார் என்பதால் அவருக்கு மேடைக்காரர் என்று பெயர். அவர் பேசுவதையெல்லாம் கணினியே எழுத்தாக்கிக் கொடுத்துவிடும். அதை வைத்துக்கொண்டு அரை நாளில் குறிப்பை முடித்துவிடலாம்.

குறிப்பக்கா முடிப்பதில்லை. அவள் பதிவை மூன்று முறை பார்ப்பாள். முதல் முறை கண்ணை மூடிக் கேட்பது மட்டும். இரண்டாம் முறை ஒலியை முழுக்க அடக்கிவிட்டுப் பார்ப்பது மட்டும். மூன்றாம் முறை இரண்டும் சேர்த்து. நோட்டில் மூன்று பத்தி: புதியது, குறை, வாக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிமிடமும் நொடியும் இருக்கும்.

"வீட்லயும் என்னை அப்படித்தான் பாக்குறா. சத்தம் இல்லாம" என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

ஆனால் இந்த வழக்கம் வந்தது சிரிப்பில் அல்ல. மூன்று மாதமாகத்தான் இந்த வழக்கம். அதற்குப் பின்னால் அவள் உடன்பிறந்த தங்கை இருந்தாள்.

தங்கை ஒரு கிளினிக்கில் முன்பதிவு மேசையில் உட்காருகிறவள். அதே மென்பொருள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு வெளியீட்டில், 'ஒரு வாரத்து அட்டவணையை ஒரே தட்டில் அடுத்த வாரத்துக்கு நகலெடுக்கலாம்' என்று குறிப்பக்கா எழுதியிருந்தாள். மேடைக்காரர் வாயால் சொன்னது அதுதான், எழுத்துவடிவத்தில் இருந்ததும் அதுதான். ஆனால் தட்டுவதற்கு முன்னால், நகலெடுக்கும் நாட்களிலிருந்து டாக்டரின் விடுப்பு நாளை அவர் கையால் நீக்கியிருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது எழுத்தில் எப்படி வரும்? தங்கை குறிப்பைப் படித்தாள், தட்டினாள். விடுப்பில் போன டாக்டருக்காக இருபத்து மூன்று பேர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றவள் தங்கை.

அன்று மாலை போன் வந்தது.

"நீ எழுதினதுன்னுதான்க்கா நான் யோசிக்காம தட்டினேன். வேற யார் எழுதியிருந்தாலும் ரெண்டு தடவை பாத்திருப்பேன். இனிமே உன் குறிப்பை நான் தொட மாட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா வழியாகத்தான் பேச்சு. 'அவகிட்ட சொல்லு', 'இவகிட்ட சொல்லு' என்று அம்மா பாவம், இரண்டு மகள்களுக்கும் நடுவில் தபால்பெட்டியாகிப் போனாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பாயில் உறங்கியவர்கள், இன்று ஒருவர் குரலை ஒருவர் கேட்காமல் மூன்று மாதம் போய்விட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குறிப்பக்கா புதிய பதிவைத் திறந்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். மாலை நான்கு மணிக்குக் குறிப்பு வெளியாக வேண்டும். மேடைக்காரர் வெளுத்துக்கட்டினார். ஒரு டாக்டரின் நோயாளியை இன்னொரு டாக்டருக்கு இழுத்து மாற்றலாம். நோயாளிக்கு முந்தின நாளே நினைவூட்டல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெட் போனாலும் டேப்லெட்டில் முன்பதிவு செய்யலாம். டேப்லெட்டை மேசைமேல் வைத்து, மேலே ஒரு கேமராவை மாட்டி அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு பெண் குரல் கேள்வி கேட்டது.

"சார், முன்னாடி ஒரு தடவை குறிப்பை நம்பி நான் நல்லா மாட்டிக்கிட்டேன். அதனால நேராவே கேக்குறேன். நெட் போயிட்டுத் திரும்பி வந்தா, பட்டியல் தானா புதுசாகுமா?"

குறிப்பக்காவின் கண்கள் தாமாகத் திறந்துகொண்டன. திரையில் முகம் இல்லை, 'முன்பதிவு மேசை' என்று எழுதிய ஒரு சின்னக் கட்டம்தான். ஆனால் அது தங்கையின் குரல், தொட்டிலில் அழுத நாளிலிருந்தே அவள் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஈரம் கண்ணாடியில் இல்லை.

"இப்ப அந்த அளவுக்கு இல்லைம்மா. அடுத்த வெளியீட்டுல, நாலு புள்ளி மூணுல, தானா புதுசாகிற மாதிரி கண்டிப்பா பண்ணிடுறோம்" என்றார் மேடைக்காரர்.

"இன்னொண்ணு சார். அன்னிக்குப் பட்டியலைப் பெரிய எழுத்துல அச்செடுக்க வழி வேணும். எங்க டாக்டருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தினமும் நான்தான் கையால எழுதித் தர்றேன்."

"நல்ல யோசனைம்மா, பாக்கலாம் பாக்கலாம்."

குறிப்பக்கா முதலாவதை 'வாக்கு' பத்தியில் நிமிடத்தோடு எழுதினாள். இரண்டாவதுக்குப் பேனாவைத் தூக்கினாள். தங்கையின் விரல்கள் கண்முன் வந்தன. நிறைய எழுதினால் அவளுக்கு மணிக்கட்டு வலிக்கும், பரீட்சைக் காலத்தில் தைலம் தேய்த்துவிட்டதே இவள்தான். ஒரே ஒரு வரி. எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? பேனா காகிதத்துக்கு ஒரு நூல் மேலே அப்படியே நின்றது. பிறகு மூடியைப் போட்டாள். 'பாக்கலாம்' என்பது வாக்கு ஆகாது.

இரண்டாம் முறை, ஒலியில்லாமல். மேடைக்காரரின் கைகள் மட்டும் டேப்லெட்டின் மேல் போய்வந்தன. நெட்டை அணைத்தார். மூன்று முன்பதிவு செய்தார். நெட்டைப் போட்டார். அந்தக் கைகள் குலுங்கின. மாமியார் வீட்டு வைஃபை பற்றி அவர் ஜோக் அடித்துச் சிரித்த இடம் அது. அந்தக் குலுக்கலுக்கு நடுவே, 31:12-இல், அவருடைய கட்டைவிரல் திரையை மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுத்தது. உடனே மூன்று பெயரும் பட்டியலில் வந்து உட்கார்ந்தன.

அவள் நான்கு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு பரிசோதனைப் பிரிவுக்கு நடந்தாள். அங்கே இருக்கும் பெண்ணுக்குச் சந்தேகம் என்று பெயர். கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னால்கூட நம்பாதவள்.

"ஏம்மா, நெட்டை அணைச்சு ஒரு பேரு போடு. நெட்டைப் போட்டுட்டு திரையைத் தொடாம உக்காரு."

இருவரும் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம். பட்டியலில் அந்தப் பெயர் வரவே இல்லை.

"இப்ப இழு."

சந்தேகம் இழுத்தாள். பெயர் வந்தது.

"அக்கா, சர்வருக்கு அப்பவே போயிடுச்சு. திரையில மட்டும்தான் காட்டல" என்றவள், எதையோ யோசித்து நெட்டை மறுபடியும் அணைத்து, அதே பெயரை இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். "ஐயையோ. பதிவாகலையோன்னு மேசையில இருக்கிறவங்க இன்னொரு தடவை போட்டா, ஒரே ஆளுக்கு ரெண்டு நேரம் விழுது. தானா புதுசாகிறது வேலைப் பட்டியல்ல இருக்கான்னு பாக்குறேன்... இருக்குக்கா. நாலு புள்ளி மூணுக்குன்னுதான் குறிச்சிருக்காங்க."

இரண்டு மணிக்கு வரைவு மேடைக்காரர் கைக்குப் போனது. இரண்டேகாலுக்கு அவரே வந்து நின்றார்.

"என்ன குறிப்பக்கா, நான் மாலை போட்டுக் கூட்டிட்டு வர்ற பிள்ளைக்கு நீங்க திருஷ்டிப்பொட்டு வைக்கிறீங்க? 'பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படாது, கீழே இழுக்க வேண்டும், மீண்டும் பதிவு செய்ய வேண்டாம்.' இதெல்லாம் குறைன்னு போடணுமா? எல்லாருக்கும் கை தானா இழுக்குமே!"

"உங்களுக்கு இழுக்கும் சார். கூட்டத்துல எல்லாரும் பாத்தாங்களா?"

"நான் எங்க இழுத்தேன்?"

அவள் பதிவை அரை வேகத்தில் ஓடவிட்டாள். தன் கட்டைவிரலை யாரோ அந்நியனுடையது போல மேடைக்காரர் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"அட. இது என் கைதானா?"

"இந்த வாக்கும் உங்க வாய்தான்." 33:40-ஐப் போட்டுக் காட்டினாள். "வேலைப் பட்டியல்லயும் இருக்கு. பாத்துட்டுத்தான் எழுதினேன்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"கேள்வி கேட்டது உங்க தங்கச்சிதானே? அன்னிக்கு நடந்த ரகளை எனக்கும் தெரியும். சொந்தக்காரங்க கேட்டா வாக்குப் பத்தி ரொம்பிடும்போல?"

குறிப்பக்கா நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "அவ ரெண்டு கேட்டா சார். பெரிய எழுத்து அச்சுதான் அவளுக்கு ரொம்ப வேணும். அதை நான் எழுதல. நீங்க வாக்கு குடுக்கல."

மேடைக்காரர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். பிறகு பேனாவை வாங்கி, வரைவில் ஒரு வார்த்தையும் மாற்றாமல், கீழே தன் கையெழுத்தைப் போட்டார். போகும்போது வாசலில் நின்றார்.

"முன்னாடி அந்த விடுப்பு நாளைக்கூட நான்தான் சொல்லாம விட்டேன் இல்ல? அன்னிக்கு நீங்க ஒருத்தரே திட்டு வாங்கினீங்க."

நான்கு மணிக்குக் குறிப்பு வெளியானது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் எதுவும் பேசவில்லை. "இன்னிக்கு உனக்கே சத்தம் இல்ல" என்றான் கணவன். அவள் சிரித்தாள், ஆனால் மனசு முன்பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தது. தொட மாட்டேன் என்றவள் தொடுவாளா?

மறுநாள் காலை எட்டே கால். பேருந்தில் ஜன்னல் ஓரம். போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறித்தான் எடுத்தாள்.

"இழுத்துப் பாத்தேன்க்கா. வருது." முன்னுரை எதுவும் இல்லை. நேற்றுத்தான் விட்ட பேச்சைத் தொடர்கிறவள் மாதிரி. "இங்க காலையிலயே நெட் போச்சு. நாலு பேர் போட்டேன். திரும்ப வந்ததும் ஒருத்தர் பேரும் காணல. முன்னாடின்னா மறுபடி நாலையும் போட்டு நாறியிருக்கும்."

"தொட மாட்டேன்னு சொன்னே?"

"அச்சு விஷயத்தை நீ எப்படி எழுதியிருக்கேன்னு பாக்கத்தான் திறந்தேன். அது இல்ல."

"அவர் பாக்கலாம்னுதான்டி சொன்னார். உனக்காக எழுதணும்னு கை போச்சு. ஆனா வாக்கு இல்லாததை..."

"தெரியும்க்கா. நானும் அங்கதானே இருந்தேன், காது இல்லையா எனக்கு? அதை நீ எழுதலைன்னு பாத்ததும்தான் மத்த வரியெல்லாம் படிச்சேன். அதை நீ எழுதியிருந்தேன்னு வை, அப்படியே மூடியிருப்பேன்."

பேருந்து ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. குறிப்பக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் என்ன நினைப்பாரோ என்றுகூடப் பார்க்காமல், கண்ணைத் துடைக்காமல் விட்டுவிட்டாள்.

"கை வலிக்குதா?"

"வலிக்குது. ஞாயித்துக்கிழமை வந்து தைலம் தேய். அம்மா வழியா சொல்லி அனுப்பாதே, நேரா வா. வெக்கட்டுமா? டாக்டருக்குப் பட்டியல் எழுதணும்."

போன் அடங்கியது. அலுவலகத்துக்குப் போனதும் குறிப்பக்கா ஒரு காகிதத்தை நிரப்பி, நேராக மேடைக்காரரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். வாடிக்கையாளர் கோரிக்கைக்கான படிவம். பெரிய எழுத்தில் அச்சு, கேட்டவர் முன்பதிவு மேசை, பதிவில் இடம் 34:05. வாக்கு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அவர் நிரப்பட்டும் என்று.